மேலே போன காற்று கீழே போன காற்றுக்காகக் காத்திருக்காது: அறிவியல் பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். விமான இறக்கை பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. இறக்கையின் குறுக்குவெட்டு, மேல்பக்கம் புடைப்பாக, அடிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டையாக. முன்விளிம்பில் இரண்டு காற்றுத் துளிகள் பிரிகின்றன. ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது. பின்விளிம்பில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துகொள்கின்றன. மேலே போனதற்குத் தூரம் அதிகம், ஆகவே அது வேகமாகப் போயாக வேண்டும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்கிறார் பெர்னூலி. அதனால் இறக்கை மேலே தூக்கப்படுகிறது.

என் அண்ணன் மகள் இந்தப் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்கு, "மேலே போகும் காற்று முன்னதாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடும், இரண்டும் சந்திப்பதில்லை" என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தாள். அப்படி எழுதச் சொன்னது நான்தான். பழியும் என் மேல்தான் விழுந்தது. மதிப்பெண் போனது போகட்டும். ஆனால் அவள் எழுதியதுதான் சரி, விடைக்குறிப்பில் இருப்பது தவறு. எப்படித் தவறு என்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விளக்கம் முழுவதும் தவறு என்று நான் சொல்லவில்லை. இறக்கைக்கு மேலே காற்று வேகமாகப் போகிறது என்பது உண்மை. அங்கே அழுத்தம் குறைவு என்பதும் உண்மை. பெர்னூலியின் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. தப்பு ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: "இரண்டும் ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய வேண்டும்." ஏன் அடைய வேண்டும்? பிரிந்த இரண்டு துளிகளுக்கும் நடுவில் கயிறு ஏதும் கட்டியிருக்கிறதா? நிறை அழிவதில்லை என்ற விதி அதைக் கேட்பதில்லை, நியூட்டனின் விதிகள் கேட்பதில்லை, ஆற்றல் கணக்கும் கேட்பதில்லை. மேலே போன துளி முன்னால் போய்விட்டால், கீழிருந்து வரும் வேறொரு துளி அதன் பக்கத்தில் வந்து ஓடும், அவ்வளவுதான். காற்றில் எங்கும் ஓட்டை விழப்போவதில்லை.

சரி, விதி இல்லாவிட்டாலும் தற்செயலாக அப்படி நடக்கலாமே என்று யாராவது கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும், உங்கள் மாணவர்களே போடலாம்.

நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களில் ஏராளமானோர் இதில்தான் பழகுகிறார்கள். ஆட்களும் எரிபொருளும் சேர்த்து நிறை சுமார் 1,100 கிலோ, இறக்கையின் பரப்பு சுமார் 16.2 சதுர மீட்டர். எடை 10,800 நியூட்டன் அளவுக்கு வரும். அதைப் பரப்பால் வகுத்தால், இறக்கையின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் இடையே சராசரியாக 667 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தால் விமானம் மிதக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்குச் சற்று மேல். அதில் ஒரு சதவீதம்கூட வேண்டியதில்லை, ஒரு டன்னுக்கு மேற்பட்ட விமானம் எழும்பிவிடும். இந்த எண்ணை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்போது உங்கள் விளக்கத்தை இந்த விமானத்தின் மேல் ஏற்றிப் பார்ப்போம். இதன் இறக்கையில் மேல்பக்கத்து வளைவின் நீளம் அடிப்பக்கத்தைவிடத் தாராளமாக வைத்தாலும் 2 சதவீதம்தான் அதிகம். பாடநூல் படங்களில் இறக்கையை ஆமை முதுகு போல வரைகிறோம். உண்மையான இறக்கை அப்படி இருப்பதில்லை. விமானம் வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வேண்டுமென்றால், கீழே 60 மீட்டர் வேகம், மேலே 61.2 மீட்டர் வேகம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. பெர்னூலி தரும் அழுத்த வேறுபாடு:

```
½ × 1.225 × (61.2² − 60²) ≈ 89 Pa
```

தேவை 667, கிடைத்தது 89. இறக்கை முழுவதற்கும் பெருக்கினால் ஏறத்தாழ 147 கிலோவைத் தூக்கும் விசைதான் வருகிறது. அதாவது, ஒரே நேரத்தில் சேர்கின்றன என்ற கணக்குப்படி இந்த விமானம் இரண்டு பயணிகளை மட்டும் தூக்கும். என்ஜின், உடல், சக்கரம், எரிபொருள் எல்லாம் தரையிலேயே கிடக்கும்.

வேகத்தைக் குறைத்தால் இன்னும் வேடிக்கை. இறங்கும் நேரத்தில் இதே விமானம் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்திலும் மிதக்கிறது. எடை மாறவில்லை, ஆகவே அதே 667 பாஸ்கல் வேண்டும். கீழே 30 மீட்டர் என்றால் மேலே 44.6 மீட்டர் வேகம் இருந்தாக வேண்டும். சம நேரக் கணக்குப்படி மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிட ஏறக்குறைய 50 சதவீதம் நீளமாக இருக்க வேண்டும். அதே இறக்கை 60 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது 14 சதவீதம் நீளம் போதும். உலோகத் தகட்டில் செய்த இறக்கை வேகத்துக்கு ஏற்றபடி நீண்டு சுருங்குமா? ஆக, தூரத்துக்கும் தூக்கு விசைக்கும் நீங்கள் சொல்கிற உறவு அங்கே இல்லவே இல்லை. தலைகீழாகப் பறக்கும் சாகச விமானங்களையும், மேலும் கீழும் ஒரே நீளமுள்ள காகித விமானத்தையும் வைத்து எல்லோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை நான் கேட்கப்போவதில்லை. மேலே உள்ள கணக்கே போதும் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் உண்மையில் அந்த இரண்டு துளிகளுக்கும் என்ன ஆகிறது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய காற்றுச் சுரங்கத்தில் இதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பியில் எண்ணெய் தடவி, அதில் நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சினால் எண்ணெய் ஆவியாகி மேலிருந்து கீழாக நேர்கோடு போட்டது மாதிரி ஒரு புகை வரிசை கிளம்பும். அந்தக் கோடு இறக்கையில் வந்து மோதி இரண்டாகப் பிளக்கும். மேல் துண்டு சட்டென்று முன்னால் பாயும், கீழ்த் துண்டு தயங்கித் தயங்கி வரும். பின்விளிம்பில் மேல் துண்டு வெளியேறும்போது கீழ்த் துண்டு இன்னும் இறக்கைக்கு அடியிலேயே இருக்கும். அப்புறம் எவ்வளவு தூரம் போனாலும் அந்த இரண்டு துண்டுகளும் ஒரே கோடாக ஒட்டுவதில்லை. வெட்டிய இடம் வெட்டியபடியே போகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி இதைப் புகைத் துடிப்புகளால் காட்டிய காணொளி இணையத்தில் இருக்கிறது. 2003இல் இயற்பியல் ஆசிரியர்களுக்காக அவர் இதைக் கட்டுரையாகவும் எழுதினார். வகுப்பில் போட்டுக் காட்ட ஒரு நிமிடம் ஆகாது.

நம் செஸ்னாவுக்கே இந்த இடைவெளி எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லலாம். இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, ஏறத்தாழ 1.5 மீட்டர். இறக்கையின் தடிமனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 60 மீட்டர் வேகத்தில் 667 பாஸ்கல் வேறுபாடு வருவதற்கு மேலே சராசரியாக 64.5 மீட்டரும் கீழே 55.5 மீட்டரும் வேகம் இருக்க வேண்டும். கவனியுங்கள், மேலே கூடுவது மட்டுமல்ல, கீழே குறையவும் செய்கிறது. மேல் துளி 23 மில்லி வினாடியில் கடந்துவிடும். அந்த நேரத்தில் கீழ்த் துளிக்கு இன்னும் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பாக்கி இருக்கும். மெதுவாகப் பறக்கும் 30 மீட்டர் வேகத்தில் இது மேலே 39, கீழே 21 என்று ஆகிவிடும். மேல் துளி பின்விளிம்பைத் தொடும்போது கீழ்த் துளி பாதி வழியைக் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். தூக்கு விசைக்காக இறக்கை எவ்வளவு மெனக்கெடுகிறதோ, அவ்வளவுக்கு இந்த இரண்டும் சந்திக்காமல் தவறுகின்றன. சந்தித்தால் தூக்கு விசை பெரும்பாலும் போய்விட்டது என்றே பொருள். உங்கள் படம் அதை அப்படியே புரட்டிப் போட்டிருக்கிறது.

இனி, மேலே ஏன் வேகம் என்ற கேள்வி. இதைச் சொல்லாமல் விட்டால் "குறை சொல்லத் தெரியும், பதில் சொல்லத் தெரியாதா" என்பீர்கள்.

இறக்கைக்கு மேலே போகும் ஒரு சிறு காற்றுக் கட்டியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கை சற்று மூக்கு தூக்கிச் சாய்ந்திருக்கிறது, மேல்பக்கம் வளைந்து பின்னோக்கி இறங்குகிறது. காற்றுக் கட்டி நேராகப் போய்விட்டால் அதற்கும் இறக்கைப் பரப்புக்கும் நடுவில் இடம் காலியாகும், அங்கே அழுத்தம் விழும், மேலே உள்ள காற்று கட்டியைக் கீழே தள்ளும். இப்படித்தான் கட்டி பரப்பை ஒட்டி வளைந்து போகிறது. வளைந்து போகும் எதற்கும் வளைவின் உள்பக்கம் நோக்கி ஒரு விசை வேண்டும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்குக் கயிறு அந்த விசையைத் தருகிறது. காற்றுக் கட்டிக்கு அக்கம்பக்கத்துக் காற்றின் அழுத்தத்தைத் தவிர வேறு ஆதரவு கிடையாது. ஆகவே வளைவின் வெளிப்பக்கம், அதாவது மேலே, அழுத்தம் கூடுதலாகவும், உள்பக்கம், அதாவது இறக்கையை ஒட்டி, குறைவாகவும் இருந்தாக வேண்டும். இறக்கையை விட்டு வெகு உயரத்தில் சாதாரண வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. அங்கிருந்து இறங்கி இறங்கி வந்தால் ஒவ்வொரு அடுக்கிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இறக்கையைத் தொடும் இடத்தில் மிகக் குறைவாக இருக்கும். இறக்கையின் அடியிலோ, சாய்ந்த பரப்பு காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அங்கே இறக்கை வளைவின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது, ஆகவே பரப்பை ஒட்டி அழுத்தம் கூடும்.

வேகம் இதற்கு அப்புறம்தான் கதைக்குள் வருகிறது. முன்னால் அழுத்தம் குறைந்த இடம் இருந்தால், பின்னால் உள்ள அழுத்தம் காற்றை அதற்குள் தள்ளும், காற்று வேகம் பிடிக்கும். மேலே வேகம் கூடுவது இதனால்தான். அடியில் அழுத்தம் கூடிய இடத்துக்குள் நுழையும் காற்று தடைபட்டு வேகம் குறையும். பெர்னூலியின் சமன்பாடு இந்த இரண்டுக்கும் சரியான எண்களைத் தருகிறது. ஆனால் "வேகம் கூடியதால் அழுத்தம் குறைந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் வேகத்துக்குக் காரணம் தேட வேண்டி வருகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் நீண்ட தூரக் கதை உள்ளே நுழைந்தது என்பது என் ஊகம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதையே பார்க்கலாம். மேலும் கீழும் வளைக்கப்பட்ட காற்று மொத்தத்தில் கீழ்நோக்கிப் போகிறது. காற்றை இறக்கை கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். அந்த விட்டமுள்ள ஒரு பெரிய குழாய் அளவு காற்றை அது திருப்புகிறது என்று வைத்துக்கொள்வது நல்ல தோராயம். 60 மீட்டர் வேகத்தில் வினாடிக்கு 7 டன் காற்று வருகிறது. அதற்குக் கீழ்நோக்கி வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் கொடுத்தால் 10,800 நியூட்டன் கிடைத்துவிடுகிறது. பெர்னூலியா நியூட்டனா என்று கட்சி கட்டி வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே விசையைத்தான் இரண்டு இடத்தில் நின்று அளக்கின்றன. ஒன்று பரப்பில், மற்றது கடந்து போன காற்றில். இரண்டையும் கூட்டக்கூடாது. அதே நேரத்தில், காற்று அடிப்பக்கத்தில் கல் மாதிரி மோதித் தெறிப்பதால்தான் இறக்கை எழும்புகிறது என்று இன்னொரு கட்சி சொல்வதும் சரியில்லை. அதில் மேல்பக்கத்துக்கு வேலையே இல்லாமல் போகிறது. உண்மையில் பெரும்பங்கு மேல்பக்கத்தில்தான் நடக்கிறது.

உங்கள் விளக்கத்தால் சொல்லவே முடியாத ஒன்று உண்டு: ஸ்டால். விமானி மூக்கை மேலும் மேலும் தூக்கினால் தூக்கு விசை கூடிக்கொண்டே போகும். இந்த மாதிரி இறக்கையில் சுமார் 15 டிகிரிக்கு அருகில் திடீரென்று சரியும். அந்த நொடியில் இறக்கையின் மேல்பக்க நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. பிறகு எது மாறியது? மேலே ஓடும் காற்று பரப்பை ஒட்டி வளைய முடியாமல் பிய்த்துக்கொண்டது. வளைவு போனதும் குறைந்த அழுத்தமும் போனது. சுரங்கத்தில் இறக்கையின் மேல் சிறு நூல் துண்டுகளை ஒட்டிவைத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒழுங்காகப் பின்னோக்கிப் படுத்திருக்கும் நூல்கள், பின்விளிம்புப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகத் துடித்து எழுந்து முன்னோக்கித் திரும்பும். விமானம் ஓட்டக் கற்கிற யாருக்கும் உயிரைக் காக்கிற பாடம் இது. அதற்கு வேர் பள்ளிப் பாடத்தில் இருந்திருக்க வேண்டும்.

பாடத்தின் கடைசியில் உள்ள செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காகிதப் பட்டையின் முனையை உதட்டுக்குக் கீழே பிடித்து மேலே ஊதினால் தொங்கும் பட்டை எழும்புகிறது. "மேலே வேகம், ஆகவே அழுத்தம் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பட்டையை நேராகக் கீழே தொங்கவிட்டு, வளையாமல் பார்த்துக்கொண்டு, ஒரு பக்கமாக மேலிருந்து கீழே ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் வேகக் காற்று, மறுபக்கம் அசையாத காற்று. உங்கள் விளக்கப்படி பட்டை ஊதிய பக்கம் இழுபட வேண்டும். சும்மா தொங்கும். ஏனென்றால் வாயிலிருந்து வெளிவந்த காற்றின் அழுத்தமும் சுற்றியுள்ள அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நுரையீரல் அதற்குக் கூடுதல் ஆற்றல் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அசையாத காற்றோடு அதை ஒரே பெர்னூலி சமன்பாட்டில் வைத்து ஒப்பிடக் கூடாது. முதல் முறை பட்டை எழும்பியதற்குக் காரணம், அது வளைந்திருந்தது, ஊதிய காற்றும் அதை ஒட்டி வளைந்தது. செய்முறையை நீக்க வேண்டாம். இரண்டு விதமாகவும் ஊதச் சொல்லுங்கள், ஒன்றில் எழும்புகிறது, மற்றதில் எழும்பவில்லை, ஏன் என்று கேளுங்கள்.

மாற்ற வேண்டியது அதிகமில்லை. "மேலே செல்லும் காற்று நீண்ட தூரத்தை அதே நேரத்தில் கடக்க வேண்டியிருப்பதால்" என்று தொடங்கும் வாக்கியத்தை எடுத்துவிட்டு, இப்படிப் போடலாம்: "சாய்ந்தும் வளைந்தும் உள்ள இறக்கை, தன்னைக் கடக்கும் காற்றின் பாதையைக் கீழ்நோக்கி வளைக்கிறது. காற்று வளைய வேண்டுமானால் இறக்கையின் மேல்பரப்பை ஒட்டி அழுத்தம் குறைவாகவும் அடிப்பரப்பை ஒட்டி அதிகமாகவும் இருக்க வேண்டும். இந்த வேறுபாடே தூக்கு விசை. அழுத்தம் குறைந்த மேல்பக்கத்தில் காற்று வேகம் பிடித்து, அடிப்பக்கக் காற்றுக்கு முன்பாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது." படத்தில் பின்விளிம்பில் இருக்கும் கீழ்ப் புள்ளியை அழித்து, இறக்கைக்கு அடியில் கொஞ்சம் பின்னால் வரையச் சொல்லுங்கள். பின்விளிம்பைத் தாண்டிய காற்றுக் கோடுகளை உங்கள் ஓவியர் கிடைமட்டமாக வரைந்திருக்கிறார், அவை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும்வரை, விடைக்குறிப்பில் மட்டுமாவது ஒரு வரி சேர்த்து ஆசிரியர்களுக்கு அனுப்ப முடியுமா? "இரண்டும் சந்திப்பதில்லை" என்று எழுதும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொடுக்கலாம் என்று.

இப்படிக்கு,
காற்றுச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன்